ஏலம் முடிந்தது, அப்புறம் ஏலம் ஆரம்பித்தது: காஃப்காவில் வரிசை நிஜமாகவே நிற்கிறதா?

முட்டத்துக்காரன், ஆகஸ்ட் 9, இரவு 9.40

தேங்காப்பட்டணத்தில் மீன் ஏலத்துக்கு ஓர் ஆப் எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஏலம் விடுகிறவர் கையில் ஃபோன். ஒவ்வொரு குவியலுக்கும் ஓர் எண். ஏலம் திறந்தது, விலை ஏறியது, ஏலம் முடிந்தது என்று செய்திகள் `lots` டாபிக்குக்குப் போகும். குவியல் எண்தான் கீ. ஒரே கீ என்றால் வரிசை மாறவே மாறாது என்று படித்து, அதை நம்பித்தான் மொத்த பில்லிங்கும் எழுதினோம். இன்று காலை 14 குவியல்களில் ஏலம் முதலில் முடிந்து, பிறகு திறந்திருக்கிறது. 4,650 ரூபாய்க்குப் போன ஒரு கூடை நெய்மீன் 4,200 ரூபாயில் நிற்கிறது, அதுவும் "ஏலம் நடக்கிறது" என்ற நிலையில். வியாபாரி சிரிக்கிறார், படகுக்காரர் சிரிக்கவில்லை. காஃப்கா வரிசையைக் காப்பாற்றுகிறது என்பது பொய்யா?

தக்கலைக்காரர், ஆகஸ்ட் 9, இரவு 10.05

கன்சியூமர் போதவில்லை. எண்ணிக்கையைக் கூட்டுங்கள், வேகம் வந்துவிடும்.

வடிவீஸ்வரம், ஆகஸ்ட் 9, இரவு 10.30

தக்கலை அண்ணே, அவர் வேகத்தைக் கேட்கவில்லை.

முட்டம், எனக்கு முதலில் சந்தேகம் வருவது அனுப்பும் பக்கத்தில்தான். புரொடியூசர் ஒரே நேரத்தில் ஐந்து தொகுப்புகள் வரை பதிலுக்குக் காத்திருக்காமல் அனுப்பும். முதல் தொகுப்பு தோற்று, இரண்டாவது ஏறி, முதலாவதை மறுபடி அனுப்பினால் இரண்டும் இடம் மாறிவிடும். `enable.idempotence` அணைந்திருந்தால் இது நடக்கும். எந்த கிளையன்ட், எந்தப் பதிப்பு? அதைப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது.

முட்டத்துக்காரன், ஆகஸ்ட் 9, இரவு 10.52

ஜாவா கிளையன்ட் 3.6. எதையும் தொடவில்லை. ஒரே சர்வர் நிரல், இரண்டு பிரதிகள் ஓடுகின்றன.

வடிவீஸ்வரம், ஆகஸ்ட் 9, இரவு 11.10

அப்படியானால் நான் சொன்னது தப்பு. 3.6-இல் அது தானாகவே இயங்கும், ஐந்து தொகுப்புகள் பறந்தாலும் புரோக்கர் வரிசை எண்ணைப் பார்த்துத்தான் ஏற்றிக்கொள்ளும். வேறு இடத்தில் பார்க்கணும். அந்த டாபிக்கில் சமீபத்தில் ஏதாவது மாற்றினீர்களா?

முட்டத்துக்காரன், ஆகஸ்ட் 9, இரவு 11.14

சம்பந்தப்பட்டது எதுவும் இல்லை. தடைக்காலம் முடிந்து வரத்து கூடியதால் காலையில் லேக் 4,000 தாண்டியது. பார்ட்டிஷனை 6-இலிருந்து 12 ஆக்கி, கன்சியூமரையும் 12 ஆக்கினோம். அவ்வளவுதான்.

வடிவீஸ்வரம், ஆகஸ்ட் 9, இரவு 11.16

"அவ்வளவுதான்"! மக்கா, அதுதான் எல்லாமே. தூங்குங்கள், காலையில் எழுதுகிறேன். அதற்குள் தப்பான ஒரு குவியலின் செய்திகளை மட்டும் பார்ட்டிஷன், ஆஃப்செட்டோடு எடுத்துப் போடுங்கள்.

```
kafka-console-consumer.sh --bootstrap-server localhost:9092 \
  --topic lots --from-beginning --timeout-ms 20000 \
  --property print.partition=true --property print.offset=true \
  --property print.key=true | grep TP-0417
```

முட்டத்துக்காரன், ஆகஸ்ட் 10, காலை 6.20

அந்த நெய்மீன் கூடை இதுதான். பார்ட்டிஷன் 2, 8 என்று கலந்து வந்தது, நானே அடுக்கிப் போட்டிருக்கிறேன்.

```
Partition:2  Offset:88140  TP-0417  OPEN
Partition:2  Offset:88171  TP-0417  BID 4200
Partition:8  Offset:3      TP-0417  BID 4650
Partition:8  Offset:9      TP-0417  CLOSE
```

வடிவீஸ்வரம், ஆகஸ்ட் 10, காலை 8.45

கட்டஞ்சாயா குடித்துக்கொண்டே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

காஃப்கா டாபிக்குக்கு வரிசை தருவதில்லை, கீக்கும் தருவதில்லை. பார்ட்டிஷனுக்குத்தான் தருகிறது. ஒரு பார்ட்டிஷனுக்குள் முதலில் ஏறியதற்குச் சின்ன ஆஃப்செட், அடுத்ததற்குப் பெரியது, படிக்கும்போதும் அதே வரிசை. அங்கே அது சொன்ன வாக்கு மாறுவதில்லை. "ஒரே கீ என்றால் ஒரே வரிசை" என்று நாம் சொல்வது, ஒரே கீ எப்போதும் ஒரே பார்ட்டிஷனுக்குப் போகும் என்று நினைத்துக்கொண்டு சொல்வது. எந்தப் பார்ட்டிஷன் என்று தீர்மானிப்பது புரோக்கர் இல்லை, அனுப்புகிற கிளையன்ட். கீயின் ஹாஷை எடுத்து, பார்ட்டிஷன் எண்ணிக்கையால் வகுத்து, மீதி எதுவோ அந்தப் பார்ட்டிஷன். நேற்று காலை நீங்கள் மாற்றியது அந்த வகுக்கும் எண்ணை.

6-ஆல் வகுத்து 2 மீதி வந்த கீக்கு, 12-ஆல் வகுத்தால் 2 வரும், இல்லாவிட்டால் 8 வரும். வேறு எதுவும் வராது. ஏறத்தாழப் பாதிக் கீகள் இருந்த இடத்திலேயே இருக்கும், மறுபாதி 6 தள்ளிப் போய் உட்காரும். உங்கள் 0417 அந்த மறுபாதி. ஏற்கெனவே எழுதிய செய்திகள் பழைய இடத்திலேயே கிடக்கும், அவற்றை யாரும் தூக்கி மாற்றுவதில்லை.

இனி நடந்ததைப் பாருங்கள். பார்ட்டிஷன் 2-இல் நூற்றுக்கணக்கான செய்திகள் படிக்கப்படாமல் நிற்கின்றன, OPEN-உம் 4200-உம் அதற்குள். பார்ட்டிஷன் 8 புதுசு, காலி. அதற்கென்று வந்த புதுக் கன்சியூமருக்கு வேறு வேலையே இல்லை, 4650-ஐயும் CLOSE-ஐயும் வந்த நொடியில் படித்துவிட்டது. பழைய கன்சியூமர் சில நிமிடங்கள் கழித்து மூச்சு வாங்க வந்து OPEN போட்டு, 4200 எழுதியது. இரண்டு கன்சியூமரும் தங்கள் தங்கள் பார்ட்டிஷனை ஒழுங்காகத்தான் படித்தார்கள். லேக்கைக் குறைக்கத்தான் பார்ட்டிஷனைக் கூட்டினீர்கள், அந்த லேக்தான் வரிசையை உடைத்தது. லேக் பூஜ்யமாக இருந்த நேரத்தில் கூட்டியிருந்தால் இந்த இழையே இருந்திருக்காது.

தோவாளைப்பூ, ஆகஸ்ட் 10, காலை 9.30

இதுக்குத்தான் நாங்கள் ஒரே ஒரு பார்ட்டிஷன் வைத்திருக்கிறோம். பூ விலை நிமிடத்துக்கு ஒருமுறை மாறும், ஒரு பார்ட்டிஷன் போதும், வரிசை கெடவே கெடாது. இல்லாவிட்டால் செய்தியில் இருக்கும் நேரத்தை வைத்து அடுக்கிக்கொள்ளலாமே.

வடிவீஸ்வரம், ஆகஸ்ட் 10, காலை 10.02

முதல் பாதி சரி. சின்ன வரத்துக்கு ஒரு பார்ட்டிஷன் நல்ல வழி, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒரு குரூப்பில் ஒரு பார்ட்டிஷனை ஒரு நேரத்தில் ஒரே கன்சியூமர்தான் படிக்கும், மற்றவர்கள் கைகட்டி நிற்பார்கள். 4,000 லேக்கில் அது எடுபடாது.

இரண்டாம் பாதி ஆபத்து. அந்த நேரத்தை வழக்கமாக அனுப்புகிற இயந்திரம்தான் போடுகிறது. அவருடைய இரண்டு பிரதிகளின் கடிகாரமும் அரை நொடி முன்பின் இருந்தால் போதும், ஏலத்தில் அரை நொடி பெரிய சங்கதி. அதோடு, அடுக்க வேண்டும் என்றால் எதுவரைக்கும் காத்திருந்து அடுக்குவது? இன்னும் ஒரு செய்தி பின்னால் வருகிறதா என்று யார் சொல்வது?

குலசேகரம் ஷீட், ஆகஸ்ட் 10, மதியம் 1.15

எங்கள் பிரச்சினையும் இதுதான். ரப்பர் ஷீட் கொள்முதல். அன்றைய விலை `rates` டாபிக்கில், எடை `weigh` டாபிக்கில். காலையில் விலையை மாற்றிவிட்டு எடை போட ஆரம்பித்தால் முதல் பத்து பேருக்குப் பழைய விலை விழுகிறது. நாங்களும் பார்ட்டிஷனைக் கூட்டியதாலா?

வடிவீஸ்வரம், ஆகஸ்ட் 10, மதியம் 1.40

இல்லை, உங்களுடையது வேறு நோய். இரண்டு டாபிக்குகளுக்கு நடுவே வரிசை என்று ஒன்று கிடையவே கிடையாது, பார்ட்டிஷன் எத்தனை வைத்தாலும். விலையை எடைச் செய்திக்குள்ளேயே எழுதி அனுப்புங்கள், எடை போடும் இடத்தில் அப்போது திரையில் தெரிந்த விலை எதுவோ அது. பிறகு விவசாயியோடு சண்டை வந்தாலும் உங்களிடம் ஆதாரம் இருக்கும்.

குலசேகரம் ஷீட், ஆகஸ்ட் 10, மதியம் 2.20

சரி. ஆனால் பார்ட்டிஷனையும் கூட்டினோம், 6-இலிருந்து 8.

வடிவீஸ்வரம், ஆகஸ்ட் 10, மதியம் 2.31

ஐயோ. 6-இலிருந்து 12 என்றால் பாதியாவது அசையாமல் இருக்கும். 6-இலிருந்து 8 என்றால் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான் பழைய இடத்தில் நிற்கும், தாளில் 0 முதல் 23 வரை எழுதி இரண்டாலும் வகுத்து மீதியை ஒப்பிட்டுப் பாருங்கள், 0 முதல் 5 வரை மட்டும்தான் ஒத்துப்போகும். குறைக்கவும் வழியில்லை, ஏற்றிய பார்ட்டிஷனை இறக்க காஃப்கா விடாது.

முட்டத்துக்காரன், ஆகஸ்ட் 11, இரவு 8.15

14 குவியல்களையும் எடுத்துப் பார்த்தேன். 10 குவியல்களில் அண்ணன் சொன்னபடியே 2-உம் 8-உம், 5-உம் 11-உம் என்று 6 தள்ளி இருக்கின்றன. மீதி 4 ஒத்துவரவில்லை. இரண்டில் 2, 8, 2, 8 என்று மாறி மாறி விழுந்திருக்கிறது. ஒன்றில் 3-உம் 7-உம். ஒன்றில் எல்லாமே ஒரே பார்ட்டிஷனில் சரியான வரிசையில் இருக்கிறது, ஆனாலும் பில் தப்பு. இன்னொன்று, வியாபாரிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் குரூப் தனியாக இருக்கிறது, அதில் வரிசை மாறவில்லை, சில குவியல்கள் வரவே இல்லை.

வடிவீஸ்வரம், ஆகஸ்ட் 11, இரவு 9.50

மாறி மாறி விழுந்த இரண்டும் உங்கள் இரண்டு சர்வர் பிரதிகளின் வேலை. பார்ட்டிஷன் கூடியது கிளையன்டுக்கு உடனே தெரியாது. `metadata.max.age.ms` ஐந்து நிமிடம், அதற்குள் எப்போது புதுப்பிக்கிறதோ அப்போதுதான் தெரியும். ஒரு பிரதிக்கு 12 என்று தெரிந்துவிட்டது, மற்றது இன்னும் 6-ஆல் வகுத்துக்கொண்டிருக்கிறது. அந்தச் சில நிமிடங்களுக்கு ஒரே கூடையின் விலைகள் இரண்டு வாய்க்காலில் ஓடும்.

குறுஞ்செய்தி குரூப்பில் `auto.offset.reset` என்ன? `latest` என்று பந்தயம் கட்டுகிறேன், எதுவும் எழுதாவிட்டால் அதுதான். கன்சியூமருக்கும் அதே தாமதம் உண்டு. புரொடியூசர் முதலில் தெரிந்துகொண்டு 8-இல் எழுத ஆரம்பித்துவிடுகிறது, கன்சியூமர் பிறகுதான் அந்தப் பார்ட்டிஷனைப் பார்க்கிறது, அங்கே தனக்குப் பழைய கணக்கு எதுவும் இல்லை என்பதால் கடைசியிலிருந்து ஆரம்பிக்கிறது. நடுவில் விழுந்தவை அந்த குரூப்புக்குப் போயே போச்சு. டாபிக்கில் பத்திரமாக இருக்கும், அந்த குரூப் மட்டும் படித்திருக்காது. பில்லிங்கில் `earliest` வைத்திருந்ததால் தப்பித்தீர்கள்.

3-உம் 7-உம் எனக்குப் பிடிபடவில்லை. 6-ஆல் வகுத்து 3 மீதி என்றால் 12-இல் 3 அல்லது 9. 7 வரவே கூடாது. 7-இல் இருப்பது எந்தச் செய்தி?

முட்டத்துக்காரன், ஆகஸ்ட் 11, இரவு 10.08

WEIGHT. எடை. தராசிலிருந்து வருவது. அது நம்ம சர்வர் இல்லை, ஒரு சின்ன பைதான் நிரல் நேரே காஃப்காவுக்கு அனுப்பும். confluent-kafka வைத்து எழுதியது. இப்போது யோசித்தால், தடைக்காலத்துக்கு முன்னாலேயே அவ்வப்போது எடை இல்லாமல் பில் வந்ததுண்டு, நெட்வொர்க் என்று விட்டுவிட்டோம்.

வடிவீஸ்வரம், ஆகஸ்ட் 11, இரவு 10.40

அப்படியானால் நேற்று காலை நான் எழுதியதில் ஒரு திருத்தம். "லேக் பூஜ்யமாக இருந்திருந்தால் இந்த இழையே இருந்திருக்காது" என்று பெருமையாக எழுதினேன். தப்பு. இது முதல் நாளிலிருந்தே இருந்த ஓட்டை.

அந்த பைதான் நூலகத்துக்குள் இருப்பது librdkafka. அது கீயை CRC32-ஆல் ஹாஷ் செய்யும். ஜாவா கிளையன்ட் murmur2. கீ எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான், ஹாஷ் வேறு, பார்ட்டிஷனும் வேறு. தற்செயலாக ஒன்றாக விழுகிற குவியல்களில் எல்லாம் சரியாக நடக்கும், அதனால்தான் "அவ்வப்போது" என்று தோன்றியிருக்கிறது. உண்மையில் பெரும்பாலான குவியல்களில் எடை வேறு பார்ட்டிஷனில்தான் போய்க்கொண்டிருந்திருக்கும், லேக் இல்லாத நாட்களில் யாருக்கும் தெரியவில்லை. பைதான் பக்கம் இப்படி எழுதுங்கள்:

```python
p = Producer({
    'bootstrap.servers': '...',
    'partitioner': 'murmur2_random',
    'enable.idempotence': True,
})
```

`enable.idempotence` வரியும் வேண்டும். முதல் நாள் நான் சந்தேகப்பட்ட அந்த அமைப்பு ஜாவாவில் தானாக இயங்கும், librdkafka-வில் நாம்தான் எழுதணும். என் முதல் சந்தேகம் தப்பான ஆள்மேல் விழுந்த சரியான சந்தேகம் என்று வைத்துக்கொள்கிறேன்.

தோவாளைப்பூ, ஆகஸ்ட் 12, காலை 7.05

அப்போ ஹாஷ் ஒன்றானால் எடை எப்போதும் CLOSE-க்கு முன்னால் வந்துவிடும்?

வடிவீஸ்வரம், ஆகஸ்ட் 12, காலை 7.50

வராது. ஒரே பார்ட்டிஷனில் விழும், அவ்வளவுதான். அனுப்புகிறவர் இரண்டு பேர். புரோக்கர் பார்ப்பது யார் முதலில் வந்து சேர்ந்தார் என்பதை, கரையில் எது முதலில் நடந்தது என்பதை அல்ல. தராசு பக்கம் சிக்னல் போய் பத்து நொடி கழித்து வந்தால் CLOSE-க்குப் பின்னால்தான் எடை ஏறும். அது காஃப்காவின் வரிசைப்படி முழுக்கச் சரி. அதனால் CLOSE வந்ததும் பில் போடாதீர்கள், CLOSE-உம் WEIGHT-உம் இரண்டும் வந்த பிறகு போடுங்கள், எது முதலில் வந்தாலும்.

விலைக்கு வேறு வழி. ஏலம் விடுகிறவரின் ஃபோனிலேயே ஒவ்வொரு குவியலுக்கும் 1, 2, 3 என்று எண் போட்டு அனுப்புங்கள். டேட்டாபேஸில்:

```sql
update lots set status = :s, price = :p, seq = :n
where lot_id = :id and seq < :n
```

பழசு தாமதமாக வந்தால் எந்த வரியும் மாறாது. உங்களுக்கு இது பொருந்தும், ஏனென்றால் கடைசி விலை மட்டும்தான் முக்கியம், CLOSE-இலும் அந்த விலையைச் சேர்த்து அனுப்பிவிடுங்கள். குலசேகரம் நண்பர் இதை அப்படியே எடுத்துப் போடக்கூடாது. அவர் எடைகளைக் கூட்டிக்கொண்டே போகிறவர், ஒன்றை விட்டால் ஒரு கட்டு ஷீட் கணக்கில் காணாமல் போகும்.

வடிவீஸ்வரம், ஆகஸ்ட் 12, இரவு 11.20

தூக்கம் வரவில்லை, ஒரு பழைய கதை. திருவனந்தபுரத்தில் வேலை, நாகர்கோவிலிலிருந்து தினமும் ரயில். பார்ட்டிஷனைத் தொடவில்லை, ஒரே புரொடியூசர், எல்லாம் ஒழுங்கு, ஆனாலும் நிலை பின்னோக்கிப் போனது. காரணம், ஒரு முறை எடுத்தால் 500 செய்தி வரை வரும், அன்றைக்கு டேட்டாபேஸ் மந்தம், ஒவ்வொன்றுக்கும் 0.7 நொடி. 350 நொடி. 300 நொடிக்குள் அடுத்ததைக் கேட்காவிட்டால் ஆள் செத்துவிட்டது என்று குரூப் முடிவு செய்து பார்ட்டிஷனை வேறொருவருக்குக் கொடுத்துவிடும். புது ஆள் முதல் செய்தியிலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறார். செத்ததாகச் சொன்ன ஆளோ சாகவில்லை, 430-ஐ எழுதிக்கொண்டிருக்கிறார். இருவரும் ஒரே வரிசையைத்தான் படித்தார்கள், ஒரே மேசையில் எழுதினார்கள். `max.poll.records`-ஐ 100 ஆக்கியதும் நின்றது. அந்த `seq` நிபந்தனை அன்றைக்கு இருந்திருந்தால் நான் இரண்டு ரயிலை விட்டிருக்க மாட்டேன்.

தக்கலைக்காரர், ஆகஸ்ட் 13, காலை 9.15

அப்ப இனி பார்ட்டிஷனையே கூட்டக்கூடாதா?

வடிவீஸ்வரம், ஆகஸ்ட் 13, காலை 9.40

நல்ல கேள்வி அண்ணே. ஏலக் குவியலின் ஆயுள் ஒரு மணி நேரம். ராத்திரி ஏலம் இல்லாத நேரத்தில் சர்வர்களை நிறுத்தி, எல்லா குரூப்பிலும் லேக் பூஜ்யம் என்று `kafka-consumer-groups.sh --describe`-இல் பார்த்துவிட்டுக் கூட்டி, எல்லாவற்றையும் மறுபடி கிளப்பினால் எந்தக் கூடையும் இரண்டு வீட்டில் குடியிருக்காது.

வடிவீஸ்வரம், ஆகஸ்ட் 13, மதியம் 12.10

மேலே எழுதியது குலசேகரத்துக்குப் போதாது, சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. அங்கே கீ விவசாயியின் கணக்கு எண், வருஷக்கணக்கில் இருப்பது. லேக் பூஜ்யத்தில் கூட்டினாலும் ஓடுகிற கன்சியூமர்களுக்கு மட்டும்தான் பாதுகாப்பு. நாளைக்கே ஒரு புது குரூப்பைக் கிளப்பி ஆரம்பத்திலிருந்து படிக்கச் சொன்னால், ஒரே விவசாயியின் பழைய பாதி ஒரு பார்ட்டிஷனிலும் புதிய பாதி இன்னொன்றிலும் கிடக்கும், இரண்டும் ஒரே நேரத்தில் படிக்கப்படும். பழைய செய்திகள் அழிகிறவரை இந்தக் கண்ணி இருக்கும், மாற்றாவிட்டால் அது 7 நாள். அவர் வருஷக்கணக்கில் வைத்திருந்தால் 12 பார்ட்டிஷனோடு புது டாபிக் திறந்து, பழையதை வரிசையாகப் படித்து அதில் ஊற்றிவிட்டு மாறுவதுதான் வழி.

குலசேகரம் ஷீட், ஆகஸ்ட் 13, மாலை 5.00

எதையும் அழிப்பதில்லை, ஆடிட்டர் சொன்னார். வயிற்றைக் கலக்குகிறது.

முட்டத்துக்காரன், ஆகஸ்ட் 16, இரவு 8.30

பைதான் மாற்றியாச்சு, `seq` போட்டாச்சு, குறுஞ்செய்தி குரூப்பும் `earliest`. மூன்று நாளாக எந்தக் கூடையும் பின்னோக்கிப் போகவில்லை. அந்த ஒரே பார்ட்டிஷன் குவியல் மட்டும், TP-0433, கணவாய், இன்னும் புரியவில்லை. ஆஃப்செட் வரிசை அச்சு மாதிரி சரி.

வடிவீஸ்வரம், ஆகஸ்ட் 16, இரவு 8.55

பில்லிங் கன்சியூமர் செய்தியைத் தானே எழுதுகிறதா, இல்லை, வேறு த்ரெட்டுகளிடம் கொடுத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறதா? கொடுத்துவிடுகிறது என்றால் காஃப்காவின் வரிசை அந்த இடத்தோடு சரி, அப்புறம் எந்த த்ரெட் முந்துகிறதோ அது. லாகில் த்ரெட் பெயர் விழுகிறதா பாருங்கள்.

முட்டத்துக்காரன், ஆகஸ்ட் 16, இரவு 9.20

நான் பார்த்தவரை நேரே எழுதுகிறது. ஒரே ஒரு இடத்தில் `@Async` இருக்கிறது, அது ரசீது அச்சடிக்க மட்டும் என்று நினைக்கிறேன். லாகில் த்ரெட் பெயர் இல்லை, திங்கட்கிழமை போடுகிறேன்.

வடிவீஸ்வரம், ஆகஸ்ட் 16, இரவு 9.24

"மட்டும் என்று நினைக்கிறேன்", "அவ்வளவுதான்". உங்கள் வாயிலிருந்து இந்த மாதிரி வந்தாலே எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. அந்த மெத்தடை அப்படியே ஒட்டுங்கள்.